சம்பளம் ஏறியும் சேமிப்பு ஏறவில்லை: எந்தச் செலவு தின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

2025 மார்ச் கடைசியில் எங்கள் வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் இடித்தது. ஜனவரியில் எனக்கு மாதம் 5,000 ரூபாய் சம்பளம் ஏறியிருந்தது. அப்படியும் மார்ச் மாதச் சேமிப்பு, ஏப்ரலில் சேமித்ததைவிட 800 ரூபாய் குறைவு. பெரிதாக எதுவும் வாங்கவில்லை, வாடகையும் ஏறவில்லை. அப்புறம் அந்தப் பணம் எங்கே போனது?

அதைக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கட்டுரை. உதாரணம் எங்கள் வீட்டுக் கணக்கேதான். தொகைகளைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். திருச்சியில் வாடகை வீடு, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பள்ளியில் படிக்கும் ஒரு மகள். கணக்கு ஆண்டு 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. கூகுள் ஷீட் அல்லது எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும்.

எது செலவு, எது இடமாற்றம்

சேமிப்பு விகிதம் என்பது எளிய வகுத்தல்தான். வருமானத்தில் செலவைக் கழித்து, மீதியை வருமானத்தால் வகுக்க வேண்டும். 70,000 வந்து 50,000 செலவானால் மீதி 20,000; விகிதம் 28.6 சதவீதம். வகுப்பதில் யாரும் தப்பு செய்வதில்லை. எதைச் செலவு என்று எழுதுவது என்பதில்தான் கணக்கு கோணலாகிறது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பணம் போயே போய்விட்டதா, இல்லை இடம் மாறி எனக்காகவே இருக்கிறதா? சீட்டுக்குக் கட்டுவது, ஆர்.டி., மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. எல்லாம் இடமாற்றம். அவற்றைச் செலவில் சேர்க்கக் கூடாது. அதே காரணத்தால் சீட்டு எடுத்த மாதம் கைக்கு வரும் மொத்தத் தொகையும் வருமானம் ஆகாது. டெர்ம் இன்ஷூரன்ஸ், மெடிக்ளைம் பிரீமியம் இரண்டும் செலவு. கடன் தவணையில் வட்டி செலவு, அசல் உங்கள் கடனைக் குறைப்பதால் சேமிப்பு. வங்கி தரும் தவணை அட்டவணையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம், வரி மூன்றையும் செலவில் எழுதுங்கள். தங்கத்தின் விலையைச் சேமிப்பில் வையுங்கள். ‘நகையை விற்கவா போகிறோம், அதுவும் செலவுதான்’ என்பார் என் மனைவி. அதுவும் நியாயமான கட்சிதான். எந்தப் பக்கம் எடுத்தாலும் வருடம் முழுக்க அதே பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பார்களே, அதை என்ன செய்வது? சேர்ப்பதானால் வருமானத்திலும் சேமிப்பிலும் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். நான் சேர்ப்பதில்லை, கைக்கு வருவதை மட்டும்தான் வருமானம் என்கிறேன். செலவுப் பிரிவுகளை ஒப்பிட அது போதும்.

கிரெடிட் கார்டில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குவார்கள். கார்டில் துணி வாங்கிய நாளில் துணிச் செலவு என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் கார்டு பில் கட்டும்போது அதையும் செலவு என்று எழுதினால் ஒரே துணிக்கு இரண்டு தடவை காசு கொடுத்த கணக்கு ஆகிவிடும். வாங்கிய நாளில் எழுதுங்கள். பில் கட்டுவது வெறும் இடமாற்றம்.

எட்டுப் பிரிவு போதும்

முதல் முறை உட்கார்ந்தபோது நான் 23 பிரிவுகள் போட்டேன். பால் தனி, பூ தனி, முடிவெட்டு தனி. மூன்றே வாரத்தில் அலுத்துப்போய் எல்லாம் ‘இதர’ என்று ஒரே இடத்தில் குவிந்தது. பிறகு எட்டாகக் குறைத்தேன்: வாடகை, மளிகை (காய்கறி, பால், கேஸ் உட்பட), படிப்பு, வெளிச்சாப்பாடு, போக்குவரத்து, பில்கள் (கரண்ட், போன், இணையம்), மருத்துவம், விசேஷம் (துணி, மொய், பண்டிகை, கோயில் பயணம்). மளிகையையும் வெளிச்சாப்பாட்டையும் மட்டும் ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். ‘சாப்பாடு’ என்று ஒரே பிரிவாக வைத்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே கிடைத்திருக்காது.

ஷீட்டில் `Log` என்று ஒரு தாள். அதில் நான்கு பத்தி: தேதி, மாதம், பிரிவு, தொகை. மாதத்தை 202404 என்று எண்ணாகவே எழுதிக்கொள்ளுங்கள். தேதியிலிருந்து அதை வரவழைக்க B2-இல் இப்படிப் போட்டு கீழே இழுத்தால் போதும்:

```
=YEAR(A2)*100+MONTH(A2)
```

சம்பளத்துக்கு மட்டும் இந்தச் சூத்திரத்தை நம்பாமல் கையால் எழுதுங்கள். 1ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் சில அலுவலகங்கள் முந்தின மாதக் கடைசியிலேயே சம்பளம் போட்டுவிடும். அப்போது ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம், அடுத்த மாதத்தில் பூஜ்யம் என்று ஆகிவிடும். ஒரு மாதம் விகிதம் 70-க்கு மேல் பறந்து, அடுத்த மாதம் வகுக்கவே முடியாமல் பிழை காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். எந்த மாதச் செலவுக்காக வந்த சம்பளமோ, அந்த மாதத்தின் எண்ணைக் கொடுங்கள்.

இரண்டாவது தாளில் முதல் வரிசையில் B1 முதல் M1 வரை பன்னிரண்டு மாதங்கள், அதே 202404 மாதிரி எண்களாக. A2 முதல் A9 வரை, மேலே சொன்ன வரிசையிலேயே எட்டுப் பிரிவுகள். B2-இல் இதைப் போட்டு எல்லாக் கட்டங்களுக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=SUMIFS(Log!$D:$D, Log!$B:$B, B$1, Log!$C:$C, $A2)
```

பத்தாவது வரிசையில் செலவுகளின் கூட்டுத்தொகை. பதினோராவது வரிசையில் வருமானம். A11-இல் ‘வருமானம்’ என்று எழுதி, `Log` தாளிலும் சம்பளத்துக்கு அதே பெயரைக் கொடுத்தால் இதே சூத்திரம் வேலை செய்யும். பன்னிரண்டாவது வரிசையில் விகிதம்:

```
=(B11-B10)/B11
```

விகிதத்தை நம்பும் முன் ஒரு சோதனை

வந்த எண்ணை உடனே நம்பிவிடாதீர்கள். மாதத் தொடக்கத்தில் வங்கியிலும் பர்ஸிலும் இருந்த பணத்தோடு வருமானத்தைக் கூட்டி, செலவையும் இடமாற்றத்தையும் கழித்தால், மாதக் கடைசியில் இருக்கும் பணம் வர வேண்டும். இந்தச் சோதனையில் மட்டும் கார்டில் வாங்கியதைக் கழிக்காமல், கார்டு பில் கட்டியதைக் கழியுங்கள். வராவிட்டால் எங்கோ ஓட்டை.

எங்கள் ஏப்ரல் மாதம் இப்படி இருந்தது. தொடக்க இருப்பு 38,400. வருமானம் 70,000. எழுதி வைத்த செலவு 38,900. சீட்டுக்கும் ஆர்.டி.க்குமாக 15,000. அப்படியானால் கையில் 54,500 இருக்க வேண்டும். இருந்ததோ 52,700. துண்டு விழுந்தது 1,800.

யு.பி.ஐ.யில் போனதில் பெரும்பகுதி வங்கிப் பட்டியலில் வரிக்கு வரி இருக்கும். அதனால் ஓட்டை பெரும்பாலும் ரொக்கத்தில்தான். சமயபுரம் தேருக்குப் போன அன்று ஏ.டி.எம்.மில் எடுத்த 2,000 ரூபாயில் 200-ஐ மட்டும் எழுதியிருந்தேன். பாக்கி பூ, அர்ச்சனை, ஆட்டோ, மகளுக்கு வளையல் என்று போயிருந்தது. அந்த 1,800-ஐ விசேஷத்தில் சேர்த்ததும் ஏப்ரல் செலவு 40,700 ஆனது, கணக்கும் நேரானது. நூறு இருநூறு இடித்தால் விட்டுவிடலாம். எங்கள் அளவு வருமானத்துக்கு 500-ஐத் தாண்டினால் தேட வேண்டும். 1,800 என்பது அந்த மாத விகிதத்தையே 2.6 புள்ளி தூக்கிக் காட்டியிருக்கும். (புள்ளி என்று சொல்வது சதவீதங்களுக்கு இடையிலான நேர் வித்தியாசத்தை. 30 சதவீதம் 28 ஆனால் 2 புள்ளி குறைவு.)

பன்னிரண்டு மாதமும் ஒரு பார்வையில்

| மாதம் | வருமானம் | செலவு | விகிதம் |
|---|---|---|---|
| ஏப்ரல் 2024 | 70,000 | 40,700 | 41.9% |
| மே | 70,000 | 50,800 | 27.4% |
| ஜூன் | 70,000 | 76,200 | −8.9% |
| ஜூலை | 70,000 | 43,700 | 37.6% |
| ஆகஸ்ட் | 70,000 | 68,500 | 2.1% |
| செப்டம்பர் | 70,000 | 43,700 | 37.6% |
| அக்டோபர் | 94,000 | 69,700 | 25.9% |
| நவம்பர் | 70,000 | 44,300 | 36.7% |
| டிசம்பர் | 70,000 | 43,200 | 38.3% |
| ஜனவரி 2025 | 75,000 | 52,600 | 29.9% |
| பிப்ரவரி | 75,000 | 48,200 | 35.7% |
| மார்ச் | 75,000 | 46,500 | 38.0% |

அக்டோபரில் தீபாவளி போனஸ் 24,000 சேர்ந்திருக்கிறது. ஆண்டு மொத்த வருமானம் 8,79,000, செலவு 6,28,100, மீதி 2,50,900. ஆண்டு விகிதம் 28.5 சதவீதம். இதை மொத்தத்தை மொத்தத்தால் வகுத்து எடுங்கள்; பன்னிரண்டு சதவீதங்களைக் கூட்டி பன்னிரண்டால் வகுக்காதீர்கள். வருமானம் மாதாமாதம் மாறும் வீட்டில் அப்படி எடுக்கும் சராசரி தப்பான எண்ணைத் தரும். எங்களுடையதில் இரண்டும் தற்செயலாக ஒட்டி வந்தன. தறி, கடை, கமிஷன் என்று வருமானம் ஏறி இறங்கும் வீடுகளில் இடைவெளி நன்றாகவே தெரியும்.

ஒரு மாதத்தைப் பிரித்துப் பார்ப்பது

எந்தப் பிரிவு விகிதத்தை அசைத்தது என்று பார்க்க, ஒவ்வொரு பிரிவையும் ரூபாயாகப் பார்க்காமல் வருமானத்தில் அதன் பங்காகப் பார்க்க வேண்டும். பதினான்காவது வரிசையிலிருந்து பங்குகளைப் போடுங்கள். B14-இல்:

```
=B2/B$11
```

சேமிப்பு விகிதம் என்பது நூறிலிருந்து இந்த எட்டுப் பங்குகளையும் கழித்தது. அதனால் விகிதத்தில் நடந்த எந்த மாற்றத்தையும் எட்டுப் பங்குகளுக்கும் மிச்சம் மீதியில்லாமல் பங்கிட்டுவிடலாம். இந்த முறையின் அழகே அதுதான்.

ஜூனை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விகிதம் 28.5, ஜூன் −8.9. சரிவு 37.4 புள்ளி. பள்ளிக்கட்டணம் கட்டிய மாதம் என்பதால் படிப்புச் செலவு 38,000, வருமானத்தில் 54.3 சதவீதம். ஆண்டு முழுவதற்கும் படிப்பின் பங்கு 6.8 சதவீதம்தான். ஆக படிப்பு மட்டும் 47.5 புள்ளியை இழுத்திருக்கிறது. ஆனால் சரிவு 37.4 தானே? மீதி 10 புள்ளியை மற்ற பிரிவுகள் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. ஜூனில் விசேஷச் செலவு குறைவு, அதில் 5.3 புள்ளி லாபம். மருத்துவச் செலவு கம்மி, 2.7 புள்ளி. வெளிச்சாப்பாட்டில் 1.9, பில்களில் 1.4. வாடகை, மளிகை, போக்குவரத்து மூன்றும் சேர்ந்து ஒரு புள்ளியைத் தாண்டி இழுத்தன. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி உட்கார வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க விகிதம் ஏறி இறங்கியதில் ஒவ்வொரு பிரிவின் கை எவ்வளவு என்று ஒரே சூத்திரம் சொல்லிவிடும். N14-இல் போட்டு N21 வரை இழுங்கள்:

```
=-SLOPE(B14:M14, $B$12:$M$12)
```

விகிதம் ஒரு புள்ளி இறங்கும்போது அந்தப் பிரிவின் பங்கு சராசரியாக எவ்வளவு ஏறியது என்பதை இது சொல்கிறது. எட்டையும் கூட்டினால் 1, அதாவது 100 சதவீதம் வரும். வராவிட்டால் பத்தாவது வரிசைக் கூட்டலிலோ பங்கு வரிசைகளிலோ ஏதோ ஒரு பிரிவு விட்டுப்போயிருக்கிறது.

எங்களுக்கு வந்த விடை: படிப்பு 70 சதவீதம், மருத்துவம் 33, விசேஷம் 5. இதுவே 108 ஆகிறதே என்று பதற வேண்டாம். சில பிரிவுகளுக்கு மைனஸில் வரும், மொத்தம் நேராகிவிடும். மருத்துவம் 33 வந்ததற்கு ஆகஸ்ட் மட்டும்தான் காரணம். மகளுக்கு டெங்கு, நான்கு நாள் மருத்துவமனை, 25,000. செலவில் முதலிடம் பிடித்த வாடகை, ஆண்டுச் செலவில் 27 சதவீதம் இருந்தும், விகிதத்தை அசைத்ததில் அதன் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெரிய செலவும் அசைக்கும் செலவும் வேறு வேறு என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பள்ளிக்கட்டணமும் டெங்குவும் மார்ச் மாதத்தில் இல்லையே. அப்படியிருக்க மார்ச்சில் ஏன் ஏப்ரலைவிடக் குறைவு? இந்தச் சூத்திரத்தில் வெளிச்சாப்பாட்டுக்கு வந்தது −4 சதவீதம். அதாவது, ‘வெளிச்சாப்பாடு அதிகமான மாதங்களில் சேமிப்பும் அதிகம்’ என்று சொல்கிறது! அதை அப்படியே நம்பி ஓட்டலுக்குப் போனால் பணம் சேரும் என்று முடிவுகட்டினால் எப்படி இருக்கும்?

குலுக்கிய செலவு வேறு, கரைத்த செலவு வேறு

விஷயம் இதுதான். SLOPE சூத்திரம் குலுக்கலை அளக்கிறது. ஒரே மாதத்தில் தடாலென்று வந்து போகும் செலவுகள் அதில் மேலே நிற்கும். மாதம் ஐந்நூறு, ஐந்நூறாக ஏறும் செலவு அதில் தெரியவே தெரியாது. எங்கள் வெளிச்சாப்பாடு ஏப்ரலில் 2,500, செப்டம்பரில் 4,000, டிசம்பரில் 5,500, மார்ச்சில் 6,500. எந்த மாதமும் முந்தின மாதத்தைவிட 500-க்கு மேல் ஏறவில்லை. பெரிய இடிகள் விழுந்த ஜூனும் ஆகஸ்ட்டும் ஆண்டின் முற்பாதியில் வந்ததால், பிற்பாதியில் ஏறிய இந்தச் செலவு நல்ல மாதங்களோடு கூட்டுச் சேர்ந்ததுபோல் தோன்றிவிட்டது. அந்த −4 வந்த கதை அதுதான்.

கரைப்பதைப் பார்க்க முதலில் இடிகளைச் சமப்படுத்த வேண்டும். ஆண்டில் சில தடவை மட்டும் வரும் பிரிவுகளை எடுத்து, ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து எல்லா மாதத்துக்கும் ஒரே அளவாகப் பரப்புங்கள். எங்களுக்குப் படிப்பு 60,000, மாதம் 5,000. மருத்துவம் 36,000, மாதம் 3,000. விசேஷம் 72,000, மாதம் 6,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பில்களையும் பரப்ப வேண்டியதுதான், மாதம் 2,300. இல்லாவிட்டால் ஒரு காலாண்டில் ஒரு கரண்ட் பில்லும் மற்றதில் இரண்டும் விழுந்து கணக்கைக் கலைத்துவிடும். போனஸையும் இப்படியே மாதம் 2,000 என்று பரப்பினேன்.

இனி ஆண்டின் முதல் மூன்று மாதத்தையும் கடைசி மூன்று மாதத்தையும் எதிரெதிரே வைப்போம். மாத சராசரியில் சொல்கிறேன்.

முதல் காலாண்டு: வருமானம் 72,000. செலவு 50,133. விகிதம் 30.4.

கடைசிக் காலாண்டு: வருமானம் 77,000. செலவு 54,467. விகிதம் 29.3.

வித்தியாசம் வெறும் 1.1 புள்ளி. இதைப் பார்த்துவிட்டு ‘பெரிதாக ஒன்றும் இல்லை, விலைவாசிதான்’ என்று ஷீட்டை மூடிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த 1.1-க்குள் இரண்டு பெரிய எண்கள் எதிரெதிராக ஒளிந்திருக்கின்றன. வருமானம் ஏறியதால் வந்த லாபத்தைத் தனியே பிரித்தால்தான் அவை வெளியே வரும்.

எனவே முதலில் இப்படிக் கேளுங்கள்: செலவு முதல் காலாண்டில் இருந்தபடியே இருந்து, வருமானம் மட்டும் ஏறியிருந்தால் விகிதம் என்ன? 77,000-இல் 50,133 போக மீதி 26,867. விகிதம் 34.9. அதாவது சம்பள உயர்வு தந்திருக்க வேண்டியது 4.5 புள்ளி ஏற்றம்.

அடுத்து, ஒவ்வொரு பிரிவும் எத்தனை ரூபாய் ஏறியதோ அதைப் புதிய வருமானத்தால் வகுங்கள். வெளிச்சாப்பாடு மாத சராசரி 2,833-இலிருந்து 6,333 ஆகியிருக்கிறது, 3,500 ஏற்றம். 77,000-ஆல் வகுத்தால் 4.5 புள்ளி. மளிகை 13,000-இலிருந்து 13,833. 833 ஏற்றம், 1.1 புள்ளி. வாடகையும் போக்குவரத்தும் அசையவில்லை. பரப்பிய பிரிவுகள் இரண்டு பக்கமும் ஒன்றே.

ஆக, சம்பள உயர்வு 4.5 புள்ளி தூக்கியது. வெளிச்சாப்பாடு அதே 4.5 புள்ளியைத் தின்றது. மளிகை 1.1 புள்ளி இறக்கியது. ஆண்டுச் செலவில் 9 சதவீதம்கூட இல்லாத ஒரு பிரிவு, ஒரு சம்பள உயர்வின் பலன் முழுவதையும் சத்தமில்லாமல் கரைத்திருக்கிறது.

ஏற்றத்தைப் பழைய வருமானத்தால் வகுக்கக் கூடாதா என்று கேட்கலாம். வகுக்கலாம், அப்போது வெளிச்சாப்பாட்டின் எண் 4.9 ஆகும். சம்பள உயர்வின் எண்ணும் அதற்கேற்ப மாறும். யார் முதலிடம் என்ற வரிசை மாறாது. ஆனால் சம்பளத்துக்கு ஒரு முறை, செலவுக்கு இன்னொரு முறை என்று கலந்தால் கூட்டு இடிக்கும்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. பரப்பிய பிரிவுகளில் கரைப்பு நடந்திருந்தால் இது காட்டாது. மொய் 500 வைத்த இடத்தில் 1,000 வைக்கத் தொடங்கியிருந்தாலோ, பள்ளிக்கட்டணம் ஏறியிருந்தாலோ, ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பிடிக்க முடியாது. அதற்கு அடுத்த ஆண்டின் மொத்தம் வேண்டும். 72,000-ஐ அதோடு ஒப்பிட வேண்டும். மருத்துவம் அதைவிட மோசம். டெங்கு வருடாவருடம் வராது, வேறெதுவும் வராது என்றும் இல்லை. மாதம் 3,000 என்பது இந்த ஒரு வருடத்துக்கான எண், அதற்குமேல் அதில் பொருள் தேடக் கூடாது.

பிரிவுக்குள்ளே இறங்குவது

வெளிச்சாப்பாடு என்று தெரிந்துவிட்டது. ஓட்டல் விலை ஏறியதா, நாங்கள் அடிக்கடி சாப்பிட்டோமா? இதற்கும் ஷீட்டே பதில் சொல்லும். ஒரு மாதத்தில் எத்தனை வரிகள் என்று எண்ணினால் போதும்:

```
=COUNTIFS(Log!$B:$B, B$1, Log!$C:$C, $A5)
```

முதல் காலாண்டில் மாதத்துக்கு 9 தடவை, தடவைக்கு சுமார் 315 ரூபாய். கடைசிக் காலாண்டில் 19 தடவை, தடவைக்கு சுமார் 333. கூடுதலான 10 தடவையைப் பழைய விலையிலேயே போட்டால் 3,150. விலை ஏறிய 18 ரூபாய் 19 தடவைக்கு 340-க்குப் பக்கம். ஆக 3,500-இல் ஒன்பது பங்கு தடவையால் வந்தது, ஒரு பங்குதான் விலையால் வந்தது. ‘இப்பல்லாம் ஒரு தோசை எவ்வளவு விக்கிறான்!’ என்று ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தது வீண்.

பிறகு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரிகளை மட்டும் வடிகட்டி, தேதிகளைக் கிழமையாக மாற்றிப் பார்த்தேன். அதிகம் தென்பட்டவை செவ்வாயும் வியாழனும். பார்த்தவுடன் மனைவிக்குப் புரிந்துவிட்டது. நவம்பரிலிருந்து மகள் பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறாள். வகுப்பு முடிய ஏழரை. அழைத்துக்கொண்டு வீடு திரும்ப எட்டேகால். அதற்குமேல் யார் அடுப்பைப் பற்றவைப்பது? ஆகஸ்ட்டில் மருத்துவமனையிலிருந்தபோது போனில் சாப்பாடு சொல்லிப் பழகிய கை, நவம்பரிலும் அதையே செய்திருக்கிறது.

மளிகையின் 833-ஐ நாங்கள் தோண்டவில்லை. ஜனவரியில் பொங்கல் சாமான், மற்றபடி எண்ணெயும் காய்கறியும். குறைக்க வழியும் தெரியவில்லை.

வகுப்பை நிறுத்தும் பேச்சே இல்லை. வியாழக்கிழமை ஓட்டல் சாப்பாட்டுக்கு மகள் ஒத்துக்கொள்ளும் மாற்று எதுவும் எங்களிடம் இல்லை, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். செவ்வாய்க்கு மட்டும் திங்கள் இரவே மாவு அரைத்து வைத்துவிடுகிறேன். 2025 ஏப்ரல் கணக்கில் வெளிச்சாப்பாடு 15 தடவை என்று வந்திருக்கிறது.